டிராக்டரைத் தொலைத்த விவசாயி

அன்புள்ள ஐயா,
என் மகள் பள்ளியிலிருந்து ஒரு துணுக்கு கேட்டு வந்தாள். “டிராக்டரைத் தொலைத்த விவசாயி என்ன சொன்னார்?” ஏதேதோ யோசித்துவிட்டுத் தோற்றுப்போனேன். “‘என் டிராக்டர் எங்கே?’ என்றார்” என்றாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரிப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?
வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சிரித்தது விவசாயியைப் பார்த்து அல்ல, உங்கள் யோசனையைப் பார்த்து. கேள்வி விடுகதையின் தோற்றத்தில் வந்ததால், சிலேடையையும் மறைபொருளையும் மனம் தானாகத் தேடத் தொடங்கியது. டிராக்டரைத் தொலைத்த எவரும் முதலில் சொல்லக்கூடியதை அந்தத் தேடலே கண்ணில் படாமல் செய்துவிட்டது.

இந்த வகையில் மிகப் புகழ்பெற்றது ‘கோழி ஏன் சாலையைக் கடந்தது?’ என்ற ஆங்கிலக் கேள்வி. ‘எதிர்ப்பக்கம் போவதற்காக’ என்ற அதன் பதில் 1847இலேயே நியூயார்க்கின் ‘நிக்கர்பாக்கர்’ இதழில் அச்சாகியிருக்கிறது. புதிர் போலத் தோன்றினாலும் புதிர் அல்லாதவை என்ற வகைக்கு உதாரணமாகத்தான் அங்கே அதைத் தந்தார்கள். இன்று பலரும் சிறு வயதிலேயே, மற்ற விடுகதைகள் பழகும் முன்பே, இதைக் கேட்டுவிடுகிறார்கள். ஏமாறுவதற்கான எதிர்பார்ப்பே அப்போது உருவாகியிருக்காது. அதனால் அந்தக் கோழி அவர்களைச் சிரிக்க வைப்பதில்லை.

இறுகி நின்ற எதிர்பார்ப்பு திடீரென ஒன்றுமில்லாமல் போவதால் எழுவதே சிரிப்பு என்று ஜெர்மன் தத்துவஞானி காண்ட் 1790இல் எழுதினார். எதிர்பார்த்ததற்கு நேரெதிரானது வந்தால் போதாது, ஒன்றுமே மிஞ்சக்கூடாது என்பதையும் அவர் சேர்த்தே சொல்கிறார். எல்லா நகைச்சுவைக்கும் இந்த விளக்கம் போதும் என்று நான் நினைக்கவில்லை. நல்ல சிலேடையில் இரண்டாவது பொருள் ஒன்று கையில் கிடைக்கிறதே! ஆனால் உங்கள் மகள் சொன்ன வகைக்கு இது அப்படியே பொருந்துகிறது.

ஆனாலும் எந்த வெற்றுப் பதிலும் இங்கே செல்லாது. விவசாயி “இன்று வியாழக்கிழமை” என்றார் என்று சொல்லிப் பாருங்கள். குழப்பம்தான் வரும். “ஐயோ, என் உயிரான டிராக்டரே!” என்று புலம்பினாலும் சிரிப்பு வராது, அதில் சிரிக்க வைக்கும் முயற்சி தெரிந்துவிடுகிறது. பதில் கேள்விக்குச் சரியானதாக, யாரும் மறுக்க முடியாததாக இருக்க வேண்டும். அப்போதுதான் ‘இது எனக்குத் தெரிந்ததுதானே’ என்ற உணர்வு பிறக்கிறது. உங்கள் மகளின் பதிலில் ஒரு சொல்கூட மிகையில்லை.

சொல்லும் முறையும் முக்கியம். உண்மையான விடுகதைக்குரிய அதே குரலில் கேட்டு, பதிலுக்கு முன் சிறிது காத்திருக்க வேண்டும். சொல்பவர் முந்திச் சிரித்துவிட்டால் கேட்பவர் தேடுவதை நிறுத்திவிடுவார். இரண்டு மூன்று அசல் விடுகதைகளுக்கு நடுவே இதை வைத்தால் நன்றாக எடுபடும். இந்த வகையையே அடுத்தடுத்துச் சொன்னால், மூன்றாவதற்குள் கேட்பவர் நேரான பதிலையே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். மகள் இன்னொன்று சொல்ல வந்தால், அதற்கு முன் நீங்கள் ஒரு நல்ல சிலேடை விடுகதையைப் போட்டுவிடுங்கள்.

அன்புடன்.