சம்பளம் கூடியும் பிசிபி குறைந்ததா? வேலை மாறியவர்களுக்குக் கேள்வி பதில்

பாயான் லெப்பாஸ்: அக்கா, ஜூலையில் வேலை மாறினேன். பழைய இடத்தில் சம்பளம் 7,000 வெள்ளி, மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் வரியான பிசிபி 324. இங்கே 8,000, ஆனால் பிசிபி 33 வெள்ளிதான். சிஸ்டம் கணக்கு சரி என்கிறார் எச்ஆர். உண்மையா?

சிஸ்டம் தனக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகத்தான் போட்டிருக்கிறது தம்பி. ஜனவரியிலிருந்து ஜூன் வரை நீங்கள் சம்பாதித்தது அதற்குத் தெரியாது. அதைச் சொல்லும் டிபி3 பாரத்தை நீங்கள் கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் திருமணமாகாதவர், வேறு கழிவு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டு 2025 விகிதத்தில் பார்ப்போம். பழைய முதலாளி மாதம் 7,000 என்றால் ஆண்டுக்கு 84,000 என்று கணக்கிட்டார். தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் கழிவு 4,000 போக மிச்சம் 71,000. அதற்கு வரி 3,890 ரிங்கிட், மாதம் 324. ஆறு மாதத்தில் 1,945 பிடித்துவிட்டார். அதில் தவறில்லை.

புது முதலாளியின் சிஸ்டத்துக்கு உங்கள் ஆண்டு ஜூலையில்தான் தொடங்குகிறது. ஆறு மாதத்துக்கு 48,000 என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து அதே 13,000 ரிங்கிட்டை மறுபடியும் கழிக்கிறது. மிச்சம் 35,000. அந்த அளவில் நிற்பவருக்கு 400 ரிங்கிட் தள்ளுபடியும் உண்டு, அதையும் கொடுத்துவிடுகிறது. ஆக வரி 200 ரிங்கிட், மாதம் 33.

உண்மையில் உங்கள் ஆண்டு வருமானம் 90,000. கழிவு ஒரு முறைதான், தள்ளுபடி கிடையாது. மிச்சம் 77,000, வரி 5,030 ரிங்கிட். இரண்டு இடத்திலும் சேர்த்துப் பிடித்திருப்பது 2,145. ஆக, அடுத்த ஆண்டு பாரம் நிரப்பும்போது 2,885 ரிங்கிட் ஒரே நேரத்தில் கட்டச் சொல்லும். இது அபராதம் இல்லை, உங்கள் வரியேதான். ஆனால் அந்தப் பணம் மாதாமாதம் உங்கள் கைக்கு வந்து செலவாகியிருக்கும்.

ஜூலையிலேயே டிபி3 கொடுத்திருந்தால் மாதம் 514 ரிங்கிட் பிடித்திருப்பார்கள், டிசம்பரில் கணக்கு நேராகியிருக்கும். இன்றே கொடுங்கள்.

பிறை: டிபி3 நிரப்ப, பழைய கம்பெனி தரும் ஆண்டுச் சம்பள விவரமான இஏ பாரம் வேண்டும் என்கிறார்கள். அவர்கள் பிப்ரவரியில்தான் தருவார்களாம்.

இஏ பாரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அதைப் பிப்ரவரி முடிவதற்குள் தந்தால் போதும் என்பதுதான் முதலாளிக்கு விதி. அதுவரை காத்திருந்தால் அந்த ஆண்டே போய்விடும். பழைய இடத்தின் கடைசி சம்பளச் சீட்டு கையில் இருக்கிறதா? பெரும்பாலான சீட்டுகளில் ஆண்டுத் தொடக்கம் முதல் அன்றுவரை வாங்கிய சம்பளம், இபிஎஃப், பிசிபி மூன்றும் கூட்டுத்தொகையாக இருக்கும். இல்லையென்றால் மாதச் சீட்டுகளை எடுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த எண்களை நீங்களே நிரப்பிக் கையெழுத்திட்டு புது எச்ஆரிடம் கொடுக்க வேண்டும். பழைய முதலாளியின் முத்திரை தேவையில்லை, வரி வாரியத்துக்கும் அனுப்ப வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம்: விலகிய பிறகு பழைய இடத்திலிருந்து போனஸோ எடுக்காத விடுப்புக்கான பணமோ வந்தால் அதுவும் அந்த ஆண்டு வருமானம்தான். அதைச் சேர்த்துப் புது டிபி3 கொடுங்கள்.

ஜெலுத்தோங்: ஏன் மக்களைப் பயமுறுத்துகிறீர்கள்? பிசிபிதான் இறுதி வரி, பாரமே நிரப்ப வேண்டாம் என்று 2014 ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது.

சட்டம் இருப்பது உண்மை ஐயா, 77சி பிரிவு. ஆனால் அந்தச் சலுகைக்கு நிபந்தனைகள் உண்டு. அந்தக் காலண்டர் ஆண்டின் 12 மாதமும் ஒரே முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. நடு ஆண்டில் மாறியவருக்கு அது பொருந்தாது. அவர் பாரம் நிரப்பியே ஆக வேண்டும்.

ஜெலுத்தோங்: என் மைத்துனரும் நடு ஆண்டில் மாறினார். கடைசி கம்பெனியின் இஏ பாரத்தை மட்டும் வைத்து நிரப்பினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லையே?

இதுவரை கேட்கவில்லை என்று சொல்லுங்கள். ஒவ்வொரு முதலாளியும் தன் ஊழியர்களின் ஆண்டுச் சம்பளத்தையும் பிசிபியையும் வாரியத்துக்குத் தனியாக அனுப்புகிறார். இரண்டு கம்பெனியின் எண்களும் ஒரே வரி எண்ணின் கீழ் அங்கே இருக்கின்றன. உங்கள் மைத்துனரிடம், இரண்டு இஏ பாரத்தையும் எடுத்து, திருத்தத்துக்கு வாரியத்தை அவரே அணுகச் சொல்லுங்கள். அவர்கள் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன் போவதுதான் அவருக்கு நல்லது.

பட்டர்வொர்த்: நான் கணக்காளர். ஜெலுத்தோங் ஐயா சொல்வதில் பாதி நியாயம் உண்டு. டிபி3 கொடுக்காவிட்டாலும் மொத்த வரி மாறப் போவதில்லை. கையில் பணம் இருக்கட்டும், ஒழுங்கானவர் ஒதுக்கி வைத்துக் கட்டிவிடுவார்.

மொத்த வரி மாறாது, சரிதான். ஆனால் டிபி3 கொடுப்பதா வேண்டாமா என்பது நம் விருப்பம் இல்லை, கொடுக்க வேண்டிய பாரம். அப்புறம், ஒதுக்கி வைப்பவரை நானும் பார்த்திருக்கிறேன், ஆனால் குறைவு. பிசிபி குறைந்ததைச் சம்பள உயர்வு என்று நினைத்துப் புதுக் கார் தவணை போட்டவர்கள்தான் என் மேசைக்கு அதிகம் வருகிறார்கள். இதில் உங்களுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது, விடுங்கள்.

பாலிக் பூலாவ்: அக்கா, பகலில் ஆலை வேலை, இரவில் உணவு டெலிவரி. நானும் டிபி3 கொடுக்க வேண்டுமா?

இல்லை தம்பி. டெலிவரி சம்பள வேலை இல்லை, அது வணிக வருமானம். பிஇ பாரத்துக்குப் பதில் பி பாரம் நிரப்ப வேண்டும். அதைக் கையாளும் ஒருவரிடம் கேளுங்கள்.

ஆயர் ஈத்தாம்: ஜூலையில் மாறினேன், இப்போது அக்டோபர். டிபி3 கொடுக்கக் காலம் கடந்துவிட்டதென்று எச்ஆர் வாங்க மறுக்கிறார்.

சேரும்போதே கொடுத்திருக்க வேண்டும் என்று அவர் சொல்வது சரி. இப்போது பயனில்லை என்பது தவறு. ஒவ்வொரு மாதமும் பிசிபி, ஆண்டு முழுவதுக்குமான வரியிலிருந்து அதுவரை பிடித்ததைக் கழித்து, மிச்சத்தை மீதி மாதங்களுக்குப் பிரித்துத்தான் போடப்படுகிறது. பாயான் லெப்பாஸ் தம்பியின் எண்களையே எடுத்தால், அக்டோபரில் பதிந்தாலும் மிச்சம் 2,985 ரிங்கிட். மூன்று மாதத்துக்கு மாதம் 995 போகும். கனமாகத்தான் இருக்கும், வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எச்ஆர் இன்னும் மறுத்தால் மின்னஞ்சலில் அனுப்பி ஒரு பிரதி வைத்துக்கொண்டு, உங்கள் மிச்ச வரியை நீங்களே தனியாக ஒதுக்குங்கள்.

தாமான் துன் சார்டோன்: வேலை மாறினேன், பிசிபி குறைந்துவிட்டது. ஏன்?

முதல் பதிலைப் படியுங்கள்.

சுங்கை ஆரா: எனக்கும் பிசிபி குறைந்துவிட்டது, சம்பளம் மட்டும் வேறு.

முதல் பதில்தான். எண்கள் மாறும், காரணம் மாறாது. புது வேலையின் முதல் சம்பளச் சீட்டில் சம்பளம் கூடி பிசிபி இறங்கியிருந்தால் அன்றே எச்ஆரிடம் போங்கள்.

புக்கிட் மெர்தாஜாம்: பாரம் நிரப்பும்போது இரண்டு இஏ பாரத்தையும் என்ன செய்வது? பழைய கம்பெனி பிசிபி பிடித்தது, ஆனால் கட்டினார்களா என்று சந்தேகம்.

இரண்டிலும் உள்ள சம்பளத்தைக் கூட்டி ஒரே தொகையாகப் போடுங்கள், பிசிபியையும் அப்படியே. இபிஎஃப் கழிவு இரண்டு இடத்துக்கும் சேர்த்து 4,000 ரிங்கிட்தான், இரண்டு தடவை போட்டுவிடாதீர்கள். கெடு ஏப்ரல் 30, இணையம் வழி நிரப்பினால் வழக்கமாக மே 15 வரை தருவார்கள். கட்டாமல் விட்டால் பாக்கியில் 10 விழுக்காடு கூடும்.

சந்தேகத்துக்கு, வரி வாரியத்தின் MyTax தளத்தில் நுழைந்து உங்கள் வரிக் கணக்கைக் காட்டும் e-Lejar பாருங்கள். பிடித்த மாதங்கள் அங்கே இல்லையென்றால் சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள், முதலில் பழைய எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள், அதைப் பார்த்துத்தான் அடுத்ததைச் சொல்ல முடியும்.