ஆதாரத்தில் உள்ள தெரு வரைபடத்தில் எங்கே?

நாகர்கோவிலில் எங்கள் தாத்தா 1112 தை மாதம் வாங்கிய 12 செண்ட் புரயிட மனையின் ஆதாரப் பத்திரத்தில், கிழக்கெல்லை ‘கம்மாளத் தெரு’ என்று உள்ளது. அக்கம்பக்கத்தில் யாருக்கும் அப்படியொரு தெருவைத் தெரியவில்லை. கூகுள் மேப்பிலும் இல்லை. இப்போதைய எந்தத் தெரு அது என்று எப்படி உறுதி செய்வது? — வாசகர், தக்கலை

தெருவைத் தேடுவதை நிறுத்திவிட்டு நிலத்தைத் தேடுங்கள். நிலம் கிடைத்துவிட்டால் அதன் கிழக்கே கிடப்பதுதான் உங்கள் தெரு. முதலில் ஆண்டைச் சரிசெய்துகொள்ளுங்கள். 1112 என்பது கொல்லம் ஆண்டு. ஆவணி முதல் மார்கழி வரை 824-ஐயும், தை முதல் ஆடி வரை 825-ஐயும் கூட்ட வேண்டும் என்பதால் உங்கள் ஆதாரம் 1937-ஐச் சேர்ந்தது. ஆங்கில ஆண்டு மாறும் மார்கழியில் மட்டும் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்போது நாம் திருவிதாங்கூரில் இருந்தோம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகு அரசு எழுத்து தமிழுக்கு மாறியது. பெயர்களும் ஓரளவு மாறின. 1978-இல் தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க அரசு உத்தரவிட்டது, 2025 அக்டோபரிலும் அதே நோக்கில் வழிகாட்டு நெறிமுறை வந்தது. ‘கம்மாளத் தெரு’ போன்ற பெயர் மறைந்ததற்கு இதுவே முதலில் ஐயுற வேண்டிய காரணம். இரண்டாவது காரணம், நகர எல்லை விரியும்போது உள்ளே வரும் ஊர்களில் ஒரே பெயரில் இரண்டு தெருக்கள் அமைந்துவிடுவது. அவற்றில் ஒன்றுக்குப் புதுப்பெயர் வைத்துவிடுவார்கள். பெரிய சாலைகளின் கதை வேறு. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்தபோது, திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி செல்லும் சாலை 47-ஆம் எண்ணிலிருந்து 66-க்கு மாறியது. ஆகவே ‘என்.எச். 47’ என்று எல்லை எழுதிய பழைய ஆதாரத்தை இன்றைய வரைபடத்தில் அப்படியே தேடினால் கிடைக்காது.

ஆதாரம் மலையாளத்தில் இருந்தால், மொழிபெயர்ப்பை நம்பாமல் மூலத்தையே பார்க்கச் சொல்லுங்கள். ‘இடவழி’ என்பது குறுகிய சந்து. அதைத் ‘தெரு’ என்று பெயர்த்திருந்தால் நீங்கள் அகலமான பாதையைத் தேடி ஏமாறுவீர்கள்.

அடுத்து, அதில் உள்ள பழைய சர்வே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். மறு நிலஅளவை நடந்தபோது பழைய எண்ணுக்கு எதிரே புதிய எண் எழுதப்பட்ட பதிவேடு வருவாய், நில அளவைத் துறைகளிடம் இருக்கும்; நகரப் பகுதியானால் வார்டு, பிளாக், நகர சர்வே எண் என்று வரும். புதிய எண் கிடைத்ததும் eservices.tn.gov.in தளத்தில் அந்த நிலத்தின் பதிவையும் வரைபடத்தையும் எடுக்கலாம்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். எண் பொருந்துவது பாதிச் சான்றுதான். நான் பெரிதாக மதிப்பது இடைக்கால ஆதாரங்களையே. 1937-க்குப் பிறகு அந்த நிலத்துக்கோ பக்கத்து நிலத்துக்கோ எழுதிய விற்பனை, பாகப்பிரிவினை ஒவ்வொன்றிலும் நான்கெல்லையைப் படித்துக்கொண்டே வந்தால், ஏதோ ஒன்றில் ‘கம்மாளத் தெரு என்கிற இன்ன தெரு’ என்று இரண்டு பெயரும் ஒன்றாக நிற்கக்கூடும். அந்த ஒரு வரி கிடைத்தால் வேலை முடிந்த மாதிரி. tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975-க்குப் பிந்தையதற்கே கிடைக்கும்; முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துத் தேட வேண்டும். அந்த வரி கிடைக்காவிட்டால், மாநகராட்சியின் பழைய சொத்துவரிப் பதிவேட்டையும் பெயர்மாற்றத் தீர்மானத்தையும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்.

சரிபார்க்கும் கணக்கு ஒன்று. 12 செண்ட் என்பது சுமார் 486 சதுர மீட்டர். இன்றைய பதிவில் 466 என்று இருந்து, கிழக்கு முகப்பு 15 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த 20 சதுர மீட்டரை 15-ஆல் வகுத்தால் 1.3 மீட்டர் வரும், அதாவது நான்கேகால் அடி. கிழக்கு, மேற்குப் பக்க நீளம் பழைய ஆதாரத்தோடு ஒத்துப்போய், வடக்கு, தெற்குப் பக்கங்கள் கிழக்கு முனையில் மட்டும் அவ்வளவு குறைந்தால், தெரு அகலமாகியிருக்கிறது என்றும் உங்கள் நிலத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள் என்றும் கொள்ளலாம். மாறாக கிழக்கு, மேற்குப் பக்க நீளத்திலும் அளவு பிசகினால், பக்கத்துப் புரயிடத்தை உங்களுடையதாக எண்ணியிருக்க வாய்ப்பு உண்டு. அப்போது தெருப் பெயரைப் பொருத்துவதை நிறுத்திவிட்டு, சர்வே எண்ணை மாற்றி எழுதிய இடத்திலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு விற்பனைப் பத்திரம் எழுதும்போது பழைய பெயரை விட்டுவிடாமல், ‘முன்பு கம்மாளத் தெரு என வழங்கிய’ என்று புதுப் பெயருக்கு முன்னால் சேர்க்கச் சொல்லுங்கள்.