செய்திமடலை பிளெயின் டெக்ஸ்ட் ஆக்குவது: வாசகர் கேள்விகள்

சேலம், அம்மாபேட்டை வாசகர்: படங்களை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன எழுதுவது?

அழகுக்காக வைத்த படமென்றால் ஒன்றும் எழுத வேண்டாம். நோட்டீஸ் படமென்றால் அதிலுள்ள தேதி, இடம், போன் எண் எல்லாவற்றையும் தட்டச்சு செய்யுங்கள். ‘banner2.jpg’ என்று விட்டுவைத்தால் யாருக்கும் பயனில்லை.

ஏற்காடு நாற்றுப்பண்ணை வாசகர்: விலைப்பட்டியலை ஸ்பேஸ் தட்டி நேராக அடுக்கினேன். போனில் தாறுமாறாகத் தெரிகிறது. எத்தனை ஸ்பேஸ் விட வேண்டும்?

எத்தனை விட்டாலும் நிற்காது. இதை முன்பே பலமுறை சொல்லியிருக்கிறேன், ஆனாலும் மாதாமாதம் இதே கடிதம் வருகிறது. போனில் பெரும்பாலான மெயில் செயலிகள் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் தருவதில்லை. ‘ர’ ஒடுங்கியிருக்கும், ‘ணை’ அகன்றிருக்கும். சம அகல எழுத்துருவிலும் தமிழ் பிசகும். ‘கொ’ கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு க ஒன்று, ஒகரக்குறி ஒன்று. ஆங்கிலத்துக்குச் சொன்ன ஸ்பேஸ் கணக்கு இங்கே எடுபடாது.

நெடுக்குப் பத்திகளாக அடுக்குவதை விட்டுவிடுங்கள். பட்டியலின் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாகப் படிக்கும்படி எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய பட்டியலில் எல்லா நாற்றுக்கும் வயது 6 மாதம்தான். அதை மேலே ஒருமுறை சொன்னால் போதும்:

```
காப்பி நாற்று (எல்லாம் 6 மாத வயது)

காவேரி: 12 ரூபாய்
சந்திரகிரி: 14 ரூபாய்
```

வயது வேறுபட்டால் பெயரின் கீழே வயதுக்கு ஒரு வரி, விலைக்கு ஒரு வரி. பத்து வகைக்கு மேல் போனால் முக்கியமானதை மட்டும் எழுதி, முழுப் பட்டியலுக்கு லிங்க் கொடுங்கள். அனுப்புவதற்கு முன் போனில் திறந்து பாருங்கள்.

ஓமலூர் வாசகர்: pandoc போட்டு மாற்றினேன். லிங்க் எல்லாம் காணோம், ஏன்?

```
pandoc -f html -t plain --wrap=none malar.html -o malar.txt
```

இந்தக் கட்டளைதானே? plain வடிவத்தில் லிங்க்கின் சொற்கள் மட்டும் வரும், முகவரி வராது. ‘இங்கே சொடுக்கவும்’ என்று எழுதிய பட்டன் வெறும் சொல்லாகத் தொங்கும். கருவி தருவதை முதல் வரைவாக மட்டும் வைத்துக்கொண்டு, முகவரிகளைக் கையால் சேருங்கள். முகவரி தனி வரியில் வரட்டும், முடிவில் முற்றுப்புள்ளி வேண்டாம். சில செயலிகள் அதையும் முகவரியோடு சேர்த்துக்கொள்ளும்.

ஆத்தூர் வாசகர்: தலைப்பை எப்படித் தனித்துக் காட்டுவது?

மேலே இரண்டு காலி வரி, கீழே ஒன்று. கோடு போட்டால் ஏழெட்டு சிறுகோடுகள் போடுங்கள். இரண்டு சிறுகோடும் ஒரு ஸ்பேஸும் மட்டும் உள்ள வரியை மெயிலின் கடைசியில் வரும் கையொப்பத்தின் தொடக்கம் என்று சில செயலிகள் எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே உள்ளதை மங்கலாக்கும் அல்லது மறைக்கும்.

மேட்டூர் வாசகர்: எல்லோருக்கும் பிளெயின் டெக்ஸ்ட்தான் போகிறது, படம் வரவில்லை.

அனுப்பும் நிரல் எது என்றுகூட எழுதவில்லை. இருந்தாலும் வரிசையைப் பாருங்கள். ஒரே மெயிலில் இரண்டு வடிவத்தையும் அனுப்பும் multipart/alternative அமைப்பில் text/plain முதலில், text/html கடைசியில் இருக்க வேண்டும். செயலிகள் தங்களுக்குப் புரிவதில் கடைசியாக வருவதைத்தான் காட்டும். மாற்றியபின் போனில் திறந்து பாருங்கள்.