குறையைச் சென்டிமீட்டரில் சொல்லுங்கள்

கேள்வி: கைத்தறிப் பருத்திச் சேலை விற்கிறோம். இந்த முறை வந்த 120 சேலையில் 9 சேலையில் இழை விட்ட மாதிரி சின்னச் சின்னக் குறை இருக்கிறது. 'மைனர் டேமேஜ்' என்று எழுதி வைத்தால் மற்ற சேலை மேலும் சந்தேகம் வந்துவிடும், பேசாமல் 'ஸ்பெஷல் ஆஃபர்' என்று போட்டு விற்றுவிடலாம் என்கிறான் மகன். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: 'ஸ்பெஷல் ஆஃபர்' வேண்டவே வேண்டாம். வாங்கிப் போனவர் வீட்டில் பிரித்ததும் அந்தக் கோட்டைப் பார்த்துவிடுவார். அந்த நிமிடமே தறியில் நேர்ந்த குறை, கடைக்காரர் மறைத்த குறையாக மாறிவிடும். அதற்கப்புறம் உங்களிடம் முழு விலைக்கு வாங்கிய சேலையையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

'மைனர் டேமேஜ்' பற்றி உங்கள் மகன் பயப்படுவது நியாயம்தான். அந்த இரண்டு வார்த்தையில் என்ன குறை, எங்கே, எவ்வளவு என்று எதுவுமே இல்லை. படிப்பவர் கிழிசல், கறை, சாயம் போவது என்று எல்லாவற்றையும் தானாக நினைத்துக்கொள்வார்.

எழுதுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். இந்த 9 சேலையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? மடிக்கும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது என்றால், மீதி 111 சேலை இன்னும் பார்க்கப்படவே இல்லை. ஒவ்வொன்றையும் கம்பியில் போட்டு, பின்னால் வெளிச்சம் வரும்படி முந்தியிலிருந்து கடைசி வரை நகர்த்திப் பாருங்கள். அதைச் செய்த பிறகுதான், 'இந்த வரவில் 120 சேலையையும் பிரித்துப் பார்த்து 9 சேலையைத் தனியே எடுத்தோம்' என்று எழுத உங்களுக்கு உரிமை. முழு விலைச் சேலைகளைக் காப்பாற்றப்போவது அந்த ஒரு வரிதான்.

பார்க்கும்போது எது குறை, எது கைத்தறியின் இயல்பு என்பதை முதலில் பிரியுங்கள். பெரும்பாலான கடைகள் இடறுவது இங்கேதான். நெய்யும்போது துணியை அகலம் பிடித்து நிறுத்தும் கோலின் ஊசிகள் இரண்டு ஓரத்திலும் சிறு துளைகளை விட்டுச் செல்லும். நூல் அங்கங்கே கொஞ்சம் தடித்திருக்கும். இவை 120 சேலையிலும் இருக்கும். இவற்றைத் தள்ளுபடிச் சேலையின் குறிப்பில் 'குறை' என்று எழுதிவிட்டால், அதே துளையோடு முழு விலைக்கு நிற்கும் 111 சேலையையும் நீங்களே குறையுள்ளது என்று சொன்னதாகிறது. இயல்பைப் பற்றிய வாசகம் ஒன்றை எழுதி இரண்டு அலமாரியிலும் ஒரே மாதிரி ஒட்டுங்கள். தள்ளுபடிக் குறிப்பில் அந்தச் சேலைக்கு மட்டும் உரிய குறை இருந்தால் போதும்.

அடுத்தது, குறை வளருமா வளராதா என்று பாருங்கள். பாவு இழை ஒன்று அறுந்து, நெசவாளர் கவனித்து முடிச்சுப் போடும் வரை நீளவாக்கில் ஒரு கோடு விழுந்திருக்கும். அது அப்படியே நிற்கும். ஊடை இழை கோர்க்காமல் மேலே மிதந்தால் வளையலிலோ மெட்டியிலோ மாட்டி இழுபடும். அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும். இழைகள் வெட்டுப்பட்ட ஓட்டை, இரண்டு கட்டைவிரலால் இழுத்தால் விலகிக்கொடுக்கும் துணி, ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தால் ஒட்டும் சாயம் ஆகியவற்றைச் சின்னக் குறை என்று எந்த விலைக்கும் விற்காதீர்கள். சரக்கு தந்தவரிடமே திருப்பி அனுப்புங்கள்.

இனி வாசகம். 1,450 ரூபாய்ச் சேலை ஒன்றில் பாவு இழை அறுந்த கோடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 'சிறு நெசவுக் குறை, கட்டினால் தெரியாது' என்று எழுதாதீர்கள். தெரியுமா தெரியாதா என்பதைக் கட்டுகிறவர்தான் சொல்ல முடியும். உயரமும் இடுப்பளவும் ஆளுக்கு ஆள் மாறுமே! இப்படி எழுதுங்கள்:

'முந்தி நுனியிலிருந்து 4 மீட்டர் 70 செ.மீ. தள்ளி, உடலின் நடுவே, நீளவாக்கில் 22 செ.மீ. அளவுக்கு ஒரு பாவு இழை இல்லை. கையில் எடுத்துப் பார்த்தால் மெல்லிய கோடாகத் தெரியும். துணி கிழியவில்லை, கோடு அகலமாகாது. சாயம், கரை, முந்தி, நீளம் ஆகியவற்றில் குறை இல்லை. முழு விலை 1,450, இந்தச் சேலை 1,230 ரூபாய்.'

அளவை எப்போதும் முந்தியிலிருந்தே எடுங்கள். மறுமுனையில் பிளவுஸ் துணியை வெட்டிவிட்டால் அங்கிருந்து எடுத்த கணக்கு மாறிப்போகும். ஐந்தரை மீட்டர்ச் சேலையில் 4.70 என்றால் இடுப்பில் செருகும் முதல் சுற்று என்பது சேலை கட்டுகிறவர்களுக்குச் சட்டென்று புரியும். குறை இருக்கும் இடத்துக்கு நேரே ஓரத்தில் சிவப்பு நூல் ஒன்றைத் தளர்வாகக் கட்டுங்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் பசை துணியில் தங்கிவிடும். படம் போடுவதானால் இரண்டு வேண்டும்: குறையின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று, அதே இடம் முழு அகலத்தோடு தெரியும்படி ஒன்று. நல்ல சேலையின் படத்தை இதற்குப் போடக் கூடாது.

விலைக் குறைப்பு குறையின் இடத்தைப் பொறுத்தது. உள்சுற்றில் இருந்தால் 15 சதவீதம் போதும். மேலே சொன்ன 1,230 அப்படி வந்ததுதான். கொசுவத்தில் விழுந்தால் 20, 25 வரை போகலாம். அதே கோடு முந்தியில் இருந்தால் 35 சதவீதம் குறைத்து 940-க்குக் கொடுங்கள். உள்சுற்றுக் கோட்டுக்குப் பாதி விலை என்று போட்டால், சொல்லாத குறை வேறேதோ இருக்கிறது என்றோ, 1,450 என்பதே ஏற்றி வைத்த விலை என்றோதான் நினைப்பார்கள். விலையை முதலில் ஏற்றி எழுதி அடிக்கும் வேலையும் வேண்டாம்; பக்கத்து அலமாரியில் அதே சேலை 1,450-க்கு இருப்பதுதான் உங்களுக்குச் சாட்சி.

இந்த 9 சேலையையும் வாசலில் குவித்து வைக்காதீர்கள். நல்ல சேலை அடுக்கிலும் கலக்காதீர்கள். கடையின் உள்ளே, பிரித்துப் பார்க்க மேசையும் வெளிச்சமும் உள்ள இடத்தில் தனித் தட்டில் இருக்கட்டும். குறிப்பைச் சேலையோடு நூலில் கட்டுங்கள். விலை கேட்பவரிடம், அவர் கேட்காவிட்டாலும், விற்பனையாளர் சிவப்பு நூல் உள்ள இடத்தைப் பிரித்துக் காட்டிவிட்டே விலை சொல்ல வேண்டும்.

பில்லிலும் அதே குறை, அதே அளவோடு வரட்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருந்தால் அதை நம்பி உட்காராதீர்கள். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். எழுதிக் காட்டி விற்ற 22 செ.மீ. கோட்டுக்காக ஒருவர் திரும்பி வந்தால் நீங்கள் பில்லைக் காட்டிப் பேசலாம். எழுதாத இன்னொரு குறையோடு வந்தால், தள்ளுபடிச் சேலைதானே என்று சொல்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.