ஆறு வாக்கியம், ஆறு ‘அவன்’

கேள்வி: என் கதையைப் படித்த தோழி, “தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் தூக்கம் வருகிறது” என்கிறாள். ஒரு பத்தி இதோ: “அவன் கதவை மெதுவாகத் திறந்தான். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். அவன் மேசைமேல் கடிதத்தைக் கண்டான். அவன் அதைக் கையில் எடுத்தான். அவன் உறையைப் பிரித்துப் படித்தான். அவன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தான்.” எங்கே பிசகு?

பதில்: எண்ணிப் பார்த்தேன். ஆறு வாக்கியமும் நான்கு நான்கு சொல். எல்லாம் ‘அவன்’ என்று தொடங்கி ‘ஆன்’ என்று முடிகின்றன. தோழியின் காது சரியாகத்தான் இருக்கிறது!

தமிழில் வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடும். ‘திறந்தான்’ என்றாலே அங்கே ஒரு ‘அவன்’ இருக்கிறான். எனவே முதல் ‘அவன்’ இருக்கட்டும்; மற்ற ஐந்தையும் அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் ‘பிறகு’, ‘அப்போது’, ‘உடனே’ என்று போட்டுச் சமாளிக்கப் பலரும் பார்ப்பார்கள். அது பழைய சலிப்புக்குப் புதுச் சட்டை.

ஆனால் ‘அவன்’ போனாலும் வரிசையாக வரும் ‘ஆன்’ போகாது. வினை கடைசியில் நிற்கும் மொழியில் சலிப்பு வாக்கியத்தின் வாலிலும் இருக்கும். அதற்கு நான் இப்படிச் செய்வேன்:

“அவன் கதவை மெதுவாகத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். மேசைமேல் ஒரு கடிதம். உறையைப் பிரித்துப் படித்தவன், நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.”

‘திறந்தான்’ என்ற முற்று ‘திறந்து’ என்ற எச்சமாகி அடுத்த செயலோடு ஒட்டிக்கொண்டது. கடிதத்துக்கு வினையே இல்லாத மூன்று சொல் வாக்கியம். அவன் கண் அங்கே நிற்பதுபோல வாசகரும் நிற்பார். ‘கையில் எடுத்தான்’ தேவைப்படவில்லை. எடுக்காமல் எப்படிப் பிரிப்பான்? ஏழு, மூன்று, ஆறு என்று நீளமும் தானாக மாறிவிட்டது.

எச்சம் கைக்கு வசமானதும் ஒரு ஆபத்து உண்டு. “திறந்து, பார்த்து, கண்டு, எடுத்து, பிரித்து, படித்து உட்கார்ந்தான்” என்று சரமாகக் கோத்துவிடுவோம். அதில் கதவும் கடிதமும் ஒரே எடை. கதை எதனால் திரும்பியது என்பதே தெரியாது. இரண்டு எச்சத்துக்கு மேல் போனால் நான் வாக்கியத்தை வெட்டிவிடுவேன். செய்பவர் மாறும் இடத்திலும் கவனம் வேண்டும்: “அவன் கதவைத் திறந்து நாய் குரைத்தது” என்பது நிற்காது, “திறந்ததும்” என்று வேண்டும்.

மீதிக் கதையையும் இப்படியே சோதியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல், கடைசிச் சொல், மொத்தச் சொற்கள் ஆகியவற்றை ஓரத்தில் குறியுங்கள். ஒரே மாதிரி மூன்று தொடர்ந்து வரும் இடத்தில் மட்டும் கை வையுங்கள். அப்புறம், அறையில் இரண்டு ஆண்கள் இருக்கும் காட்சியில் ‘அவன்’களை நீக்கியபின் ஒருமுறை படித்துப் பாருங்கள். யார் உட்கார்ந்தான் என்று குழம்பினால், அந்த இடத்தில் பெயரையே போட்டுவிடுங்கள்.