ஓட்டத்துக்கு முன் சோடா உப்பு: எதை வாங்குவது, எப்படிப் பழகுவது?

கேள்வி: வயது 22, எடை 60 கிலோ. 400 மீட்டர் ஓடுகிறேன். ஆறு வாரத்தில் போட்டி. சோடா உப்பு குடித்தால் கடைசி 100 மீட்டரில் கால் கனக்காது என்கிறார்கள். விலை அதிகமான வெளிநாட்டு ஜெல் வாங்கலாமா, மளிகைக்கடைச் சோடா போதுமா? போன தடவை ஒரே மடக்கில் குடித்து வயிற்றுப்போக்காகிவிட்டது.

பதில்: முதலில் மளிகைக்கடைச் சோடாவில் பழகிப் பாருங்கள். ஆப்ப சோடா, சமையல் சோடா என்று விற்பதுதான் சோடியம் பைகார்பனேட். பேக்கிங் பவுடரில் அமிலமும் மாவும் கலந்திருக்கும், அது உதவாது. சலவைச் சோடா தொண்டையையும் குடலையும் புண்ணாக்கிவிடும். அதனால் லேபிளைப் படிக்காமல் வாங்காதீர்கள். கூடவே கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசும் வேண்டும், ஸ்பூன் அளவு ஆளுக்கு ஆள் மாறும்.

வேகமாக ஓடும்போது தசையில் அமிலத்தன்மை ஏறுகிறது. ரத்தத்தில் பைகார்பனேட் கூடுதலாக இருந்தால் அந்த அமிலம் தசையை விட்டுச் சீக்கிரம் வெளியேறும். 100 மீட்டரில் இதற்கு வேலையே இல்லை. 400, 800 மீட்டரில் பலன் உண்டு, ஆனால் சிறியது, எல்லோருக்கும் கிடைப்பதும் இல்லை. ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இது இல்லை.

அளவு, எடையில் கிலோவுக்கு 0.2 முதல் 0.3 கிராம். உங்களுக்கு 12 முதல் 18 கிராம். அதற்கு மேல் போனால் பலன் கூடாது, வயிற்றுத் தொல்லைதான் கூடும். இரைப்பை அமிலத்தோடு சோடா சேர்ந்ததும் வாயு கிளம்பி வயிறு உப்பும். குடலில் சேரும் உப்பு தண்ணீரை இழுத்துக்கொள்வதால் வயிற்றுப்போக்கு வரும். ஒரே மடக்கில் குடித்தால் இரண்டும் சேர்ந்தே வரும், உங்களுக்கு நடந்தது அதுதான்.

சரி, இப்படிச் செய்யுங்கள். முதல் வாரம், பயிற்சி இல்லாத நாளில் 6 கிராம் மட்டும். இரண்டு இட்லியோடு, நிறையத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, மூன்று பங்காக்கி 20 நிமிடத்துக்கு ஒன்றாகக் குடியுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகு வேண்டவே வேண்டாம். அப்புறம் மூன்று மணி நேரம், அரைமணிக்கு ஒரு முறை உப்பசம், குமட்டல், வயிற்றுவலியை எழுதி வையுங்கள். தாங்கினால் அடுத்த வாரம் 12 கிராம். மூன்றாம் வாரம் அதே 12 கிராமைக் கடினமான 300 மீட்டர் ஓட்டங்களுக்கு இரண்டு மணி நேரம் முன்பு எடுங்கள். தொல்லை எந்த மணியில் உச்சம் என்பது குறிப்பில் தெரியும். அந்த நேரம் ஓட்டத்தில் விழாதபடி குடிக்கும் நேரத்தை நகர்த்துங்கள்.

12 கிராமிலேயே வயிறு மறுத்தால் மட்டும் ஜெல்லை யோசியுங்கள். அதில் சோடா இரைப்பையில் கரையாமல் குடலுக்குப் போகும்படி செய்திருக்கிறார்கள், அந்த விலை அதற்குத்தான். அதையும் பயிற்சியில் பார்க்காமல் போட்டியில் திறக்காதீர்கள்.

18 கிராமில் ஏறத்தாழ 5 கிராம் சோடியம் இருக்கிறது. ரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயக் கோளாறு இருப்பவர்கள் தொடவே கூடாது. தகுதிச் சுற்றும் இறுதியும் ஒரே நாளில் வந்தால், இறுதிக்கு மட்டும் எடுங்கள்.