வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்களின் தொழில் கேள்விகள்

சவுதியில் 11 வருடம் ஏ.சி. மெக்கானிக். கையில் 18 லட்சம் இருக்கிறது. ராமநாதபுரத்தில் ஏ.சி. விற்பனைக் கடை போடலாம் என்கிறார்கள். சரியா?

வேண்டாம். விற்பனையில் நீங்கள் மோத வேண்டியது ஆன்லைன் விலையோடும், தவணைக்குத் தரும் பெரிய ஷோரூம்களோடும். அட்வான்ஸ், அலங்காரம், சரக்கு என்று பாதிப் பணம் முதல் மாதத்திலேயே முடங்கிவிடும். உங்கள் 11 வருட அனுபவத்துக்கு அங்கே வேலையே இல்லை. அந்த அனுபவத்துக்குக் காசு சர்வீஸில்தான்.

சர்வீஸிலும் வீடு வீடாக வரும் அழைப்பை மட்டும் நம்பினால் மார்ச் முதல் ஜூன் வரை மூச்சு விட நேரம் இருக்காது, மழைக்காலத்தில் சும்மா உட்கார வேண்டிவரும். அதனால் முதலில் ஆண்டு ஒப்பந்தங்களைப் பிடியுங்கள். கல்யாண மண்டபம், ஸ்கேன் சென்டர், நகை அடகுக் கடை, லாட்ஜ் போன்றவற்றில் 150 இயந்திரம் சேர்த்துவிட்டீர்கள் என்று வையுங்கள். ஒன்றுக்கு வருடம் 2,000 ரூபாய், கூலி மட்டும், நான்கு சர்வீஸ். வருடத்துக்கு 600 சர்வீஸ், அதாவது வேலை நாளுக்கு இரண்டு. வரவு 3 லட்சம். உதவியாளுக்கு மாதம் 12,000 என்றால் 1.44 லட்சம் போகும். பெட்ரோலும் சில்லறைச் செலவும் அதற்கு மேல். மீதி பெரிய தொகை இல்லை. ஆனால் மழைக்காலத்திலும் அடுப்பு எரியும். கோடையில் வரும் பொருத்தும் வேலை, கேஸ் வேலை, போர்டு வேலை எல்லாம் இதற்கு மேல் வரும் லாபம்.

உதிரிபாகமும் சேர்த்த ஒப்பந்தம் கேட்பார்கள். கடலோர ஊரில் அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். உப்புக் காற்றில் வெளி யூனிட்டின் கண்டென்சர் தகடுகள் அரித்து கேஸ் கசியும். இன்வெர்ட்டர் போர்டில் பல்லி புகுந்து ஷார்ட் ஆகும். இப்படி இரண்டு போர்டு போனாலே அந்த வாடிக்கையாளரிடம் வாங்கிய வருடப் பணம் போதாது.

சவுதியில் டக்ட், பேக்கேஜ் யூனிட், சில்லர் என்று பழகியிருப்பீர்கள். இங்கே வருவது பெரும்பாலும் ஆர்-32 நிரப்பிய இன்வெர்ட்டர் ஸ்பிளிட். அந்த கேஸ் லேசாகத் தீப்பற்றக்கூடியது. பிரேஸிங் செய்யும் முன் கேஸை முழுவதும் வெளியேற்றி, நைட்ரஜன் ஓட்டிவிட்டுத்தான் டார்ச் பற்றவைக்க வேண்டும். கேஸைப் பிரஷரைப் பார்த்து ஏற்றாமல், பழையதை எடுத்துவிட்டு லேபிளில் போட்டிருக்கும் கிராம் கணக்கில் தராசு வைத்து ஏற்றுங்கள். வேக்யூம் இழுத்த பின் பம்பை நிறுத்தி அரை மணி நேரம் கேஜைக் கவனியுங்கள். முள் ஏறினால் எங்கோ கசிவு அல்லது ஈரம் இருக்கிறது. அவசரத்தில் இதைத் தவிர்ப்பவர்கள் இரண்டு மாதத்தில் அதே வீட்டுக்கு இலவசமாகத் திரும்பப் போகிறார்கள்.

சவுதியிலிருந்து கருவிகளை அள்ளி வர நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. இண்டக்‌ஷன் மோட்டார் உள்ள வேக்யூம் பம்ப், ஏர் கம்ப்ரஸர் போன்றவை 60-க்கு மட்டும் செய்ததாக இருந்தால் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, சூடேறி, காயில் எரியும். பெயர்ப் பலகையில் 50/60 என்று இருந்தால் மட்டும் கொண்டு வாருங்கள். பிரஷ் மோட்டார் உள்ள டிரில், கிரைண்டருக்கு ஹெர்ட்ஸ் பிரச்சினை இல்லை. ஆனால் பழைய 110, 127 வோல்ட் மாடல்களை அங்கேயே விட்டுவிடுங்கள்.

இறங்கும் முன் சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை முடித்துவிடுங்கள். ஆதாரும் பானும் இருந்தால் udyamregistration.gov.in தளத்தில் இலவசமாக நீங்களே செய்யலாம். பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். ஆண்டு முடிவில் இந்தக் கெடுவைத் தாண்டிப் பாக்கி நின்றால், பணம் தரும் வருடம் வரை அந்தச் செலவை வாடிக்கையாளர் தன் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. பெரிய மண்டபக்காரர்களிடம் இதை மரியாதையாக நினைவூட்டினால் பில் நகரும்.

ஷார்ஜாவில் ஷவர்மா மாஸ்டர். தஞ்சாவூரில் கடை போட நினைக்கிறேன். எதில் கவனம்?

கோனின் அளவில். அங்கே இடைவிடாமல் கூட்டம் வரும், 30 கிலோ கோன் மாலைக்குள் தீரும். இங்கே அதே அளவு குத்தினால் பாதிக் கோன் அடுப்பின் முன் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் நிற்கும். கிருமி பெருகுவது அந்தச் சூட்டில்தான்.

5 கிலோவில் தொடங்குங்கள். எலும்பில்லாத 5 கிலோ கோழி வெந்த பின் சுமார் 3.3 கிலோ நிற்கும். ரோலுக்கு 90 கிராம் வைத்தால் 36 ரோல். மாலை ஆறு மணிக்கு ஏற்றி பத்து மணிக்குள் 36 போகவில்லை என்றால் மறுநாள் கோனைக் குறையுங்கள், மீதியை எடுத்து வைக்காதீர்கள். தீர்ந்துவிட்டால் ஃபிரிட்ஜில் தயாராக இருக்கும் இரண்டாவது சிறு கோனை ஏற்றலாம்.

சீவிய கறியைத் தவாவில் ஒரு முறை பிரட்டி, உள்சூடு 74 டிகிரியைத் தொட்டதா என்று குத்து தெர்மாமீட்டரில் பாருங்கள். உறைந்த கோழியை முந்தின இரவே ஃபிரிட்ஜுக்குள் வைத்து இளக்க வேண்டும். தொட்டித் தண்ணீரில் போட்டு இளக்கினால் வெளிப்பக்கம் கெட ஆரம்பிக்கும், நடு இன்னும் கல்லாக இருக்கும்.

மயோனைஸ் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பச்சை முட்டை மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பால் அல்லது சோயாப் பாலில் அடித்த முட்டையில்லா மயோனைஸையே வையுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணைக் கடை முகப்பில் மாட்டுங்கள். 2023-இல் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு சிறுமி இறந்த பிறகு பெற்றோர்கள் கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

என்.ஆர்.இ. கணக்கில் இருக்கும் டெபாசிட்டை அப்படியே தொடரலாமா?

கூடாது. நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கிக்குச் சொல்லி அதை உள்நாட்டுக் கணக்காகவோ, வெளிநாட்டு நாணயத்திலேயே வைக்கும் ஆர்.எஃப்.சி. கணக்காகவோ மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டாலும் என்.ஆர்.இ. வட்டிக்கான வரிவிலக்கு நின்றுவிடும். வெளிநாட்டு நாணயத்தில் போட்ட எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டை மட்டும் முதிர்வு வரை விடலாம். முந்தைய 10 வருடத்தில் 9 வருடம் வெளிநாட்டுவாசியாக இருந்தவருக்கு, திரும்பிய பின் சில ஆண்டுகள் ஆர்.என்.ஓ.ஆர்., அதாவது வரிக் கணக்கில் முழு உள்நாட்டுவாசியாகக் கருதப்படாத நிலை கிடைக்கும். அந்த நிலை இருக்கும் வரை எஃப்.சி.என்.ஆர்., ஆர்.எஃப்.சி. வட்டிக்கு வரி இல்லை. மறுபடி வெளிநாடு போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் ஒரு பகுதியை ஆர்.எஃப்.சி.யில் வையுங்கள், பிறகு தடையின்றி வெளியே எடுத்துச் செல்லலாம்.

கடையைத் திறந்துவிட்டு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

இந்த வரிசைதான் பலரையும் கெடுக்கிறது. பிரதமரின் பி.எம்.இ.ஜி.பி. திட்டம் புதிய தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே ஓடும் கடைக்குக் கிடைக்காது. முதலில் மாவட்டத் தொழில் மையத்தில் திட்டம் இப்போது விண்ணப்பம் வாங்குகிறதா என்று கேளுங்கள். பிறகு விண்ணப்பம், வங்கி அனுமதி, பயிற்சி. அதன் பின்தான் இயந்திரம்.

பொதுப் பிரிவினர் திட்டச் செலவில் 10 சதவீதம் சொந்தப் பணம் போட வேண்டும், மானியம் நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம். பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்குச் சொந்தப் பணம் 5, மானியம் 25, 35. மனைவி உண்மையிலேயே தொழிலை நடத்துவதானால் அவர் பெயரில் விண்ணப்பியுங்கள். பெயருக்கு மட்டும் என்றால் நேரில் ஆய்வுக்கு வரும்போது சிக்கும்.

மானியம் கைக்கு வராது. மூன்று வருடம் உங்கள் பெயரில் வங்கியிலேயே முடங்கிக் கிடந்து, தொழில் ஓடுகிறது என்று சரிபார்த்த பின் கடனில் கழியும். ஆகவே மாதத் தவணையைக் கணக்கிடும்போது மானியத்தை வரவில் சேர்க்காதீர்கள். வீட்டுச் செலவுக்கும் தவணைக்கும் ஒரு வருடப் பணத்தைத் தொழிலில் போடாமல் தனியே எடுத்து வையுங்கள்.